துரோகம் தெரிஞ்சப்புறம் சேர்ந்து இருக்கலாமா? உங்க கேள்விகளுக்கு பதில்

அவர் போன்ல மெசேஜ் எல்லாம் பாத்து 12 நாள் ஆச்சு. இப்ப அம்மா வீட்ல இருக்கேன். "இருக்கப் போறியா, விட்டுட்டு வர்றியா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க.

இப்ப முடிவே எடுக்காதீங்கம்மா. தூக்கமும் சாப்பாடும் இல்லாம எடுக்குற முடிவு, இருக்குறதா இருந்தாலும் விட்டுட்டு வர்றதா இருந்தாலும், நிலைக்கிறதில்ல. மூணு மாசம் தள்ளி ஒரு தேதி குறிச்சுக்கோங்க, அதுவரைக்கும் கேக்குறவங்ககிட்ட "இன்னும் யோசிக்கிறேன்" போதும். டெஸ்ட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க, அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுக்கணும், மத்த பால்வினை நோய்க்கும் டாக்டர்கிட்ட கேளுங்க. அடிக்கிறார், மிரட்டுறார்னா இந்த யோசனையெல்லாம் வேண்டாம், 181க்கு கூப்பிடுங்க.

முதல்ல "சும்மா ஃப்ரெண்ட்"னார், அப்புறம் "ஒரு தடவதான்"னார், இப்ப ஒரு வருஷமாங்கிறார். அந்தப் பொண்ணு அதே ஆபீஸ். எப்படி நம்புறது?

உண்மை இப்படி துண்டு துண்டா வர்றதுதான் அந்த உறவ விட அதிகமா உடைக்குது, ஒவ்வொரு துண்டும் உங்கள முதல் நாளுக்கே கொண்டு போயிடும். எங்கிட்ட வந்த ஒரு ஜோடிக்கும் இதே நிலைமைதான். ஒரே உக்காரல்ல எல்லாத்தையும் சொல்ல வெச்சேன், எப்ப ஆரம்பிச்சது, எங்க பாத்தாங்க, எவ்வளவு பணம் போச்சு, யாருக்கெல்லாம் தெரியும்னு. படுக்கை விவரம் மட்டும் கேக்க வேண்டாம்னேன், கேட்டா அது மனசுல படமா ஓடிக்கிட்டே இருக்கும். அவர் டீம் மாத்திக் கேட்டார், கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தப் பொண்ண பாத்தா அன்னிக்கு சாயந்திரமே, மனைவி கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு பேச்சு. ஒருநாள் செருப்பக்கூட கழட்டாம "இன்னிக்கு லிஃப்ட்ல அவ இருந்தா, நான் படிக்கட்டுல போயிட்டேன்"னாராம். பாஸ்வேர்ட் குடுத்தப்ப வராத நம்பிக்கை அன்னிக்குதான் கொஞ்சம் வந்துச்சுன்னு அந்தம்மா சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் தானா வந்து சொல்றாரா, நீங்க தோண்டினாத்தான் வருதான்னு இந்த மூணு மாசம் கவனிங்க.

தப்பு பண்ணது நான்தான். 8 மாசம் ஆச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி அதே கேள்விய கேக்குறார்.

8 மாசம் கம்மிம்மா, ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகுறது சாதாரணம். பதில் மாறுதான்னு பாக்கத்தான் அதையே கேக்குறார், "எத்தன தடவ சொல்றது"ன்னு ஒரு தடவ சொன்னாலும் மறைக்கிறீங்கன்னுதான் அவருக்குப் படும். தினம் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் அரை மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்குங்க, நீங்களே போய் உக்காருங்க. ஆனா பிள்ளைங்க முன்னாடி கேவலமா பேசுறது, கை நீட்டுறது இதெல்லாம் பொறுத்துக்கணும்னு இல்ல.

சேர்ந்து இருந்து பாத்துட்டு, சரிவரலன்னா டைவர்ஸ் கேஸ் நிக்குமா?

2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் கள்ள உறவு கிரிமினல் குற்றம் இல்ல, ஆனா இந்து திருமணச் சட்டத்துல டைவர்ஸுக்கு இன்னும் காரணம்தான். தெரிஞ்சும் மன்னிச்சு புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தீங்கன்னா, அந்தப் பழைய உறவ மட்டும் காட்டி கேட்டா கோர்ட் மறுக்கலாம். திரும்பவும் தப்பு நடந்தா நிலைமை வேற. அதனால திரும்பிப் போறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீல பாத்துடுங்க.