கோகுலின் அப்பாவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரின் மகன் (19 வயது, கோகுல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) பாலக்கோடு பக்கம் பைக் விபத்தில் இறந்துவிட்டான். ஓசூர் கம்பெனியிலிருந்து என்னை புனேவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், சாவுக்குப் போக முடியவில்லை. அந்தப் பையனை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவர் சொல்லக் கேட்டதுதான். வாட்ஸ்அப்பில் டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கிறேன். என்னதான் எழுதுவது?

பதில்:

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். செல்போன் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் ஆட்கள் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் இருந்தார்கள். சாவுச் சேதி இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். எழுதத் தெரியாதவர்கள் கார்டை வாங்கி என் மேஜையிலேயே வைத்து, "நீங்களே எழுதிடுங்க சார்" என்பார்கள். அதனால் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில் ஒன்று. உங்களுக்கு வார்த்தை வராததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நம் பக்கம் எழவு வீட்டில் யாரும் பேசுவதே கிடையாது. ஆம்பளைகள் போய் வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டு, பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுவார்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அங்கே கையும் தோளும் செய்கிற வேலையை புனேயிலிருந்து செய்ய முடியாது. காகிதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. அதனால்தான் இரங்கல் எழுதும்போது எல்லாரும் ஆயத்த வாசகத்துக்கு ஓடுகிறார்கள். இது வாட்ஸ்அப் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்றும் சொல்ல மாட்டேன். 2013-ல் நிறுத்தினார்களே தந்தி, அதிலேயே எண் போட்ட ஆயத்த வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் தானாகப் போய்ச் சேரும்.

நான் எழுதிக்கொடுத்ததில் இன்றுவரை மறக்காதது ஒரு கிழவி சொன்ன கடிதம். அவளுடைய தங்கச்சி மகளின் புருஷன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். கிழவிக்குக் காலில் புண், போக முடியவில்லை. இன்லேண்ட் லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள்.

"எனக்கு வாய் வரலைன்னு எழுது சாமி."

எழுதினேன்.

"போன வருசம் வந்தப்போ மருமவன் நம்ம மாட்டுக் கொட்டாய்க்குக் கீத்து மேஞ்சு குடுத்துட்டுப் போனாரு. இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுவல. அதை எழுது."

எழுதினேன்.

"ராகி அறுத்ததும் ஒரு மூட்டை எடுத்துக்கிட்டு நானே வரேன். வந்து பத்து நாள் இருப்பேன். அவ ஒண்ணும் எழுத வேணாம்."

அவ்வளவுதான் கடிதம். அரைப் பக்கம்கூட வரவில்லை. "ஆழ்ந்த இரங்கல்" என்று நானாக ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "அது எதுக்கு?" என்றாள்.

அவள் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வார்த்தை இல்லை என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டாள். செத்தவனைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, அந்தப் பெண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றைச் சொன்னாள். கூரை இன்னும் ஒழுகவில்லை என்ற சேதி அவள் கையில்தான் இருந்தது. அப்புறம், தான் என்ன செய்யப்போகிறோம், எப்போது என்பதைச் சொல்லி, பதில் எழுதும் வேலையையும் எடுத்துவிட்டாள். ஒப்பாரியை யாராவது நின்று கேட்டிருந்தால் தெரியும், அதிலும் இப்படித்தான்: செத்தவரின் குணத்தைப் பொதுவாகப் புகழ்வது கொஞ்சம், அவர் வாங்கி வந்த சேலையும் வெட்டிய கிணறும்தான் மிச்சம்.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் கோகுலைப் பார்த்ததில்லை. அப்படியிருக்க அவனைப் பற்றி என்ன எழுத முடியும் என்றுதானே தயக்கம்? உங்களிடமும் ஒரு சேதி இருக்கிறது. அந்த அப்பா மகனைப் பற்றிப் பேசும்போது எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவருக்கே தெரியாது. பஸ்ஸில் அவர் சொன்னதில் எது மனசில் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெருமைப்பட்டது, திட்டியது, சிரித்தது, எதுவாக இருந்தாலும் சரி. பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக் சேர்ந்த முதல் மாதமே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டான் என்று அவர் ஒருநாள் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் இப்படி எழுதுவேன்:

"அண்ணா, கோகுல் விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து உங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நான் அவனைப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லித்தான் எனக்கு அவனைத் தெரியும். வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் முழித்தான் என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னீர்கள். திட்டுவது மாதிரிதான் ஆரம்பித்தீர்கள். சூளகிரி தாண்டுவதற்குள் சிரித்துவிட்டீர்கள். அன்றைக்கு உங்களை அப்படிச் சிரிக்கவைத்த பையன் என்றுதான் அவன் என் மனசில் இருக்கிறான். உங்கள் லீவு விஷயமாக சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன், இந்த மாதம் முழுக்க நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. புனே வேலை முடிந்து வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். இதற்குப் பதில் போட வேண்டாம்."

இதில் ஆறுதல் என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? 19 வயசுப் பையனைப் பறிகொடுத்தவருக்கு நம்மிடம் ஆறுதல் கிடையாது. பையனின் பெயர் மட்டும் இருக்கட்டும். துக்க வீட்டில் இரண்டாம் வாரத்திலிருந்தே எல்லாரும் "அவன்", "நடந்தது", "அந்த விஷயம்" என்று பேச ஆரம்பித்து, பெயரை வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவருக்கு வலிக்கும் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் பெயர் கேட்காமல் போவதுதான் பெற்றவர்களை அதிகம் உறுத்துகிறது என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். லீவு விஷயமும் அப்படி: "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றால் யோசித்துக் கேட்கும் வேலை அவர் தலையில் விழும், அவர் கேட்கமாட்டார். செய்துமுடித்த ஒன்றைச் சொல்லுங்கள். உண்மையிலேயே பேசிவிட்டு எழுதுங்கள், சும்மா எழுதிவிடாதீர்கள்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படித்து, இதற்கு அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமா என்று பாருங்கள். சொல்ல வேண்டுமென்றால் அந்த வரி போகட்டும். "எப்படி ஆச்சு?", "ஹெல்மெட் போட்டிருந்தானா?", "பெங்களூருக்குக் கொண்டுபோயிருக்கலாமே?" எல்லாம் இந்த வகை. சாலை விபத்து என்றால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம், அப்புறம் வந்துபோகும் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் என்று, அந்த மனுஷன் ஒரே கதையை எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். கடைசிக் கேள்வி இன்னும் மோசம், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. "நானாக இருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்" என்பதும் அப்படித்தான். எழுதுகிறவர் பாராட்டாக நினைத்து எழுதுவார். படிக்கிறவருக்கு, தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே தப்போ என்று தோன்றும். "நீங்கதான் வீட்டுக்குத் தைரியம் சொல்லணும்" என்று ஆம்பளைகளுக்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறோம், அதையும் விட்டுவிடுங்கள். அவருக்கு இன்னொரு பிள்ளை இருந்தால் அதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். இன்றைக்கே மேலே உள்ளதை முழுசாக அனுப்பாதீர்கள். இப்போதைக்கு, "அண்ணா, கோகுல் சேதி கேட்டேன். வர முடியாத இடத்தில் இருக்கிறேன். பதில் வேண்டாம்" என்ற அளவில் போதும், அதுவும் அவருக்குத் தனியாக. கம்பெனி குரூப்பில் கைகூப்பிய படங்களுக்கு நடுவில் போட்டால் யார் என்ன எழுதினார்கள் என்றே தெரியாது. நீளமானதைச் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அனுப்புங்கள். பெரியவர்கள் சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம்வரை வீட்டில் ஆள் இருக்கும். கல்யாணமாகாத பையன் என்றால் சில வீடுகளில் சடங்கை மூன்றாம் நாளோடு சுருக்கி முடித்துவிடுவார்கள், வீடும் சீக்கிரமே காலியாகிவிடும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். முடிந்தால் அந்த நீளமான கடிதத்தைக் கையால் எழுதித் தபாலில் போடுங்கள். (போஸ்ட்மாஸ்டர் வேறென்ன சொல்வான் என்று சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததும் படித்தவருக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. தபாலில் அது கிடையாது.) போன் பேசுவதானால் அவர் கூப்பிட்டால் மட்டும்.

இன்னும் ஒன்று, பலர் யோசிக்காதது. உங்கள் போனில் பண்டிகை வாழ்த்து எல்லாருக்கும் மொத்தமாகப் போகிற மாதிரி வைத்திருந்தால், அதிலிருந்து அவர் எண்ணை இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் படமும் தீபாவளிக்குப் பட்டாசு வீடியோவும் உங்களிடமிருந்து போய் விழுந்தால், எழுதிய கடிதமெல்லாம் வீண். அதே கையோடு கோகுலின் பிறந்தநாள் எப்போது என்று யாரிடமாவது விசாரித்து போனில் குறித்துவையுங்கள். அந்த நாளில் காலையில், "அண்ணா, இன்றைக்கு கோகுல் பிறந்தநாள், நினைவில் இருக்கிறது" என்று ஒரே வரி அனுப்பினால் போதும்.