17 வீதமா, 4 வீதமா? கடைக் கணக்கில் எதை நம்புவது

"அண்ணை, புதுக்குடியிருப்பில பலசரக்குக் கடை வைச்சிருக்கிறன். வங்கியில கடனுக்குக் கேட்டதால ஒருத்தரைப் பிடிச்சு போன மாச இலாப நட்டக் கணக்கு செய்விச்சன், தாளை அனுப்பியிருக்கிறன். மொத்த இலாபம் 17 வீதமாம், தேறிய இலாபம் 4 வீதமாம். நான் வாங்கின விலைக்குச் சராசரியா நூற்றுக்கு 25 வைச்சுத்தானே விக்கிறன்? கையில பார்த்தா காசும் இல்லை. எது சரி?"

தம்பி, முதலில் அந்த 25ஐப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு வாங்கியதை 125க்கு விற்றால் இலாபம் 25. நீங்கள் அதை வாங்கிய விலையோடு ஒப்பிடுகிறீர்கள், கணக்குத் தாளோ விற்ற விலையோடு ஒப்பிடுகிறது. 125இல் 25 என்றால் 20 வீதம்தான். ஆகவே உங்கள் தாளில் மொத்த இலாபம் 20 வீதத்துக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். 17 வந்திருக்கிறது, 3 வீதம் எங்கேயோ போயிருக்கிறது.

தாளின் மேல் பாதியைப் பாருங்கள். விற்பனை 800,000. மாதத் தொடக்கத்தில் கடையில் இருந்த சாமான் 450,000, அதோடு வாங்கியது 690,000, வவுனியாவிலிருந்து ஏற்றி வந்த லொறிக்கூலி 10,000. இந்த மூன்றையும் கூட்டி, மாதக் கடைசியில் மிஞ்சிய 486,000ஐக் கழித்தால் 664,000. இதுதான் விற்பனைக் கிரயம், அதாவது விற்றுப்போன சாமானுக்கு நீங்கள் கொடுத்த விலை. 800,000இல் இதைக் கழிக்க வரும் 136,000தான் மொத்த இலாபம், 17 வீதம்.

இப்போது அந்த 3 வீதத்தைத் தேடுவோம். லொறிக்கூலியை நீங்கள் விலை போடும்போது சேர்ப்பதில்லை என்று நினைக்கிறேன், அது ஒன்றேகால் வீதம். அப்புறம் வீட்டுக்கு எடுத்த அரிசி, மா, சீனி, பால்மா. இதற்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அப்படி 15,000 ரூபாய்ச் சாமான் வீட்டுக்குப் போயிருந்தால், அது இருப்பிலும் இல்லை, விற்பனையிலும் இல்லை, ஆனால் கணக்கு அதையும் விற்றதாகவே எடுத்துக்கொள்கிறது. அது கிட்டத்தட்ட 2 வீதம். வீட்டுச் சாமானை எடுப்பனவு என்று தனியாக எழுதிக் கொள்முதலில் கழித்தால் மொத்த இலாபம் 151,000 ஆகிவிடும், தேறிய இலாபமும் அந்த 15,000ஆல் கூடும். வங்கியில் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான். ஒருவேளை வீட்டுக்கு எடுத்தது குறைவு என்றால் களவு, பழுதான சாமான், இருப்பு எண்ணியதில் பிழை, இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். மிஞ்சிய சாமானை எப்போதும் வாங்கிய விலையில்தான் எழுத வேண்டும், விற்கும் விலையில் எழுதினால் இல்லாத இலாபம் தாளில் வந்துவிடும்.

கீழ்ப் பாதி சுலபம். வாடகை 25,000, கரண்ட் பில் 22,000, வேலைப் பொடியனுக்கு 40,000, கடன் வட்டி 8,000, மற்றவை 9,000, எல்லாமாக 104,000. மொத்த இலாபத்தில் இதைக் கழித்தால் 32,000, அதுதான் 4 வீதத் தேறிய இலாபம். காலை முதல் இரவு வரை நீங்கள் கடையில் நின்றதற்குச் சம்பளம் என்று எதுவும் இதில் கழிக்கப்படவில்லை, அந்த 32,000க்குள்தான் உங்கள் உழைப்பும் அடக்கம். பக்கத்துக் கடையோடு போட்டி போட்டு எல்லா விலையையும் 5 வீதம் குறைத்து அதே அளவு சாமானை விற்றால் விற்பனை 760,000க்கு இறங்கும், செலவு ஒன்றும் குறையாது, 8,000 நட்டம் வரும். 17ஐ மட்டும் பார்த்து விலை குறைப்பவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

சரி, அந்த 32,000 ஏன் கையில் இல்லை? மாதத் தவணை 28,000இல் வட்டி 8,000தான் செலவு. வாங்கிய கடன் தொகையில் கழிந்த மீதி 20,000 இலாப நட்டக் கணக்குக்குள் வராது, ஆனால் காசு போய்விட்டது. இருப்பு 450,000இலிருந்து 486,000 ஆகியிருக்கிறது, அந்த 36,000 இறாக்கையில் சாமானாகக் கிடக்கிறது. இரண்டையும் கழித்தால் காசு 24,000 குறைந்திருக்கும், அதுவும் ஒருவருக்கும் கடன் கொடுக்காமல் விற்றிருந்தால். பெரும்போக நெல் வெட்டியதும் தருகிறேன் என்று கொப்பியில் எழுதிப் போனவர்களின் தொகையும் அந்த 800,000இல் விற்பனையாக நிற்கிறது, அது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டு வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். மொத்த இலாப வீதம் இறங்கினால் விலையையும் இறாக்கையையும் பாருங்கள். அது அசையாமல் நிற்க, தேறியது மட்டும் இறங்கினால் செலவுகளைப் பாருங்கள். வீட்டுச் சாமானுக்கு இன்றைக்கே கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எடுக்கும்போதே வாங்கிய விலையில் எழுதுங்கள், அடுத்த மாதத் தாள் வந்ததும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.