இரண்டு முறை போன பணம்: க்யூவை மாற்றுமுன் சாவியைப் பாருங்கள்

கேள்வி: மாதாமாதம் குறித்த தேதியில் பணம் அனுப்பும் சேவையை நடத்துகிறோம். வங்கியிடமிருந்து பதில் வராதபோது மறுபடி அனுப்பியதில் சிலருக்கு இரண்டு முறை போய்விட்டது. 'சரியாக ஒரே முறை' உறுதி தரும் க்யூவுக்கு மாறினால் தீருமா?

பதில்: தீராது. காஃப்கா போன்ற க்யூ தரும் அந்த உறுதி அதன் எல்லைக்குள்தான்: ஒரு டாபிக்கில் படித்து இன்னொன்றில் எழுதும்வரை. வங்கியின் ஏபிஐயை அழைத்ததும் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். பதில் வரவில்லையென்றால், கோரிக்கையே போய்ச் சேரவில்லையா, பணம் போய் பதில் மட்டும் தொலைந்ததா என்று உங்கள் பக்கமிருந்து கண்டுபிடிக்க முடியாது. எனவே மறுபடி அனுப்பத்தான் வேண்டும். இரண்டாவது கோரிக்கையால் எதுவும் நடக்காதபடி, இரண்டும் ஒரே பரிமாற்றம் என்று வங்கிக்குக் காட்டும் ஒரே சாவி இரண்டு கோரிக்கையுடனும் போகவேண்டும்.

அந்தச் சாவியை எதிலிருந்து செய்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். மார்ச் 5-க்கான வேலை தேங்கி, இரவு 11:59:50-க்கு வங்கிக்குப் போகிறது என்று வையுங்கள். 30 நொடி காத்தும் பதில் இல்லை. மறுமுயற்சி நடக்கும்போது தேதி 6. சாவியில் 'இன்றைய தேதி' இருந்தால் அது புதுச் சாவி. வங்கிக்கு அது புதுப் பரிமாற்றம். ஒவ்வொரு முயற்சிக்கும் யூயூஐடி உருவாக்கினாலும் இதே கதிதான். நிலையான உத்தரவின் எண்ணும் அதன் மூலத் தவணைத் தேதியும் சேர்ந்ததே சாவியாக இருக்கவேண்டும். விடுமுறையால் பணம் 7-ஆம் தேதி போனாலும் சாவியில் 5 மாறக்கூடாது.

வங்கியை அழைக்கும் முன்பே இதை எழுதி, கமிட் செய்துவிடுங்கள்:

```sql
INSERT INTO transfers (dedupe_key, amount, status)
VALUES ('SI-4821:2025-03-05', 5000, 'PENDING')
ON CONFLICT (dedupe_key) DO NOTHING;
```

`dedupe_key` மீது யூனிக் கட்டுப்பாடு இருக்கவேண்டும். வரிசை ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக வேலை முடிந்ததாக எண்ணி விட்டுவிடாதீர்கள். எழுதியபின், அழைக்கும் முன் நிரல் நின்றிருந்தால் அந்தப் பணம் போகவே போகாது. `PENDING` என்றிருந்தால் அதே சாவி, அதே தொகையுடன் மறுபடி அனுப்புங்கள். பதில் வராததை 'தோல்வி' என்று குறிப்பது பெரும்பிழை. தோல்வி என்று கண்டதும் யாராவது புதிதாக ஒரு பரிமாற்றம் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் எதிர்முனை அந்தச் சாவியை நினைவில் வைத்திருக்கும்வரைதான். கட்டணச் சேவையான ஸ்ட்ரைப் சாவியைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கும், அதன்பின் நீக்கலாம். வெள்ளியன்று சிக்கிய வேலையைத் திங்களன்று தானாக ஓடவிட்டால் பழைய சாவியும் புதிதாகவே தெரியலாம். உங்கள் வங்கி எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலம் கடந்தால் தானியங்கி மறுமுயற்சி நிற்கவேண்டும். நிலை விசாரணையிலோ கணக்கு அறிக்கையிலோ பார்த்த பிறகே ஒருவர் முடிவெடுக்கட்டும். சாவியே ஏற்காத வங்கியென்றால், அதைக் குறிப்புப் புலத்தில் எழுதி அனுப்புங்கள். அறிக்கையில் தேட அது ஒன்றுதான் பிடி.