எழுத்து தெரியாத ஊரில் வழி கேட்பது

கேள்வி: பலகை எழுத்தே புரியாத ஊரில் வழி தவறினால் எப்படிக் கேட்பது? பதில் எப்படிப் புரியும்?

"இந்தப் பக்கமா?" என்று கை காட்டிக் கேட்காதீர்கள். கேள்வி புரியாதவர்களும் தலையாட்டிவிடுவார்கள். பல்கேரியாவிலோ மேலும் கீழும் தலையாட்டினால் 'இல்லை' என்று பொருள்! இடத்தின் பெயரோடு "எங்கே?" என்பதை மட்டும் அவர்கள் மொழியில் கேளுங்கள்.

பதிலில் மூன்று சொற்களுக்குக் காது கொடுத்தால் போதும். பல்கேரிய மொழியில் நல்யாவோ இடது, நத்யாஸ்னோ வலது, நப்ராவோ நேராக. மூன்றுமே 'ந'வில் தொடங்குவதால் நடுப்பகுதியைக் கவனியுங்கள், அவர் கையையும் பாருங்கள். ரஷ்ய மொழியில் கிட்டத்தட்ட அதே நப்ராவோ வலதைக் குறிக்கும், ஜாக்கிரதை.

முதல் திருப்பம் வரை போய், அப்புறம் வேறொருவரிடம் கேளுங்கள். இடத்தின் பெயரை அவர்கள் எழுத்திலேயே தாளில் எழுதி வாங்கினால், பலகையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடலாம்.