டேப் சேஞ்சர் கேள்வி-பதில்: கறுப்பு ஆயிலும் அறுந்த ரெசிஸ்டரும்

கே: தேவகோட்டை சப்ஸ்டேஷனில் டைவர்ட்டர் அறை ஆயில் மை போலக் கறுத்துவிட்டது. பிடிவி 34 கேவி வருகிறது. மாற்ற வேண்டுமா?

ப: ஒவ்வொரு டேப் மாற்றத்திலும் ஆயிலுக்குள் ஆர்க் அடிக்கிறது, கரி விழத்தான் செய்யும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஈரத்துக்குப் பயப்படுங்கள். ஸ்டார் முனை டைவர்ட்டருக்குக் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் கீழ் எல்லை 30 கேவி, நீருக்கு மேல் எல்லை 40 பிபிஎம். நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பே பிரீதரின் சிலிக்கா ஜெல்லைப் பார்த்துவிட்டு, ஆயிலையும் மாற்றிவிடுங்கள். வடித்து நிரப்பினால் மட்டும் போதாது. இன்சுலேஷன் தண்டிலும் அறைச் சுவரிலும் ஒட்டிய கரியைப் புது ஆயிலால் கழுவ வேண்டும்.

கே: காரைக்குடி அருகே எங்கள் மில்லில் 110/11 கேவி, 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர். டேப் ஏற்றும்போது ஆயில் சர்ஜ் ரிலே ட்ரிப் ஆனது. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எல்லா டேப்பிலும் சரியாக உள்ளது. சார்ஜ் செய்யலாமா?

ப: கூடாது. அந்தச் சோதனை டேப்பில் நின்றபடி எடுப்பது. நிற்கும்போது மின்னோட்டம் மெயின் கான்டாக்ட் வழியே போகும், டிரான்சிஷன் ரெசிஸ்டருக்கு அங்கே வேலையே இல்லை. அது அறுந்திருந்தாலும் அளவீடு அழகாகவே வரும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 1.25 சதவீதப் படி என்று கொள்வோம். ஒரு படிக்கு 794 வோல்ட், முழு லோடில் 84 ஆம்பியர். ரெசிஸ்டர் 9 ஓம் என்றால் தனியாக லோடு சுமக்கும் கணத்தில் 63 கிலோவாட் எரிகிறது. சுமார் 50 மில்லி செகண்டில் மொத்த மாற்றமும் முடிவதால்தான் அது பிழைக்கிறது. ஸ்பிரிங் பாதியில் நின்றாலோ வேகம் தளர்ந்தாலோ கம்பி வெந்துவிடும். அறுந்த பிறகு, மெயின் கான்டாக்ட் விலகும்போது மின்னோட்டத்துக்கு மாற்று வழி கிடையாது. ஆர்க் அணையாமல் அடுத்த பக்கம் சேரும்வரை நீளும். சேர்ந்ததும் அந்தப் படியே ஷார்ட் ஆகிறது. ரிலே அடித்ததற்கு இதுவே முதல் சந்தேகம்.

ஐசொலேட் செய்து எர்த் போட்டபின், வைண்டிங்கில் டிசி செலுத்தியபடியே டேப்பை மாற்றி மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். மூன்று ஃபேஸிலும் சின்னச் சரிவு ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்றில் மட்டும் பூஜ்யம்வரை விழுந்தால் அந்த ஃபேஸ்தான். பிறகு டேப் எண்ணைக் குறித்துக்கொண்டு டைவர்ட்டரைத் தூக்கி, ரெசிஸ்டர் ஒவ்வொன்றையும் அளக்கலாம்; பெயர்ப்பலகை மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

தூக்கியதும் ஆர்க்கிங் கான்டாக்டுகளையும் பாருங்கள். மெயின் பக்கமும் டிரான்சிஷன் பக்கமும் சமமாகத் தேய்வதில்லை. தடிமன் மிச்சமிருந்தாலும் இரண்டுக்கும் இடையிலான தேய்மான வித்தியாசம் கையேட்டின் எல்லையைத் தாண்டினால் திறக்கும் வரிசையே பிசகும். ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கே: மெயின் டேங்க் டிஜிஏவில் அசெட்டிலின்!

ப: ஹைட்ரஜனைப்போல் 2, 3 மடங்குக்கு மேல் இருந்தால் டைவர்ட்டர் ஆயில் கசிந்து கலந்திருக்கலாம். கன்சர்வேட்டர் பொதுவானதா, அறையின் அடி சீல் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.