கார்டு பில் நோட்டீஸ்: மச்சான் தந்த பணத்தைக் காட்டுவது எப்படி?

"கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வருமானம் 6 லட்சம், கார்டுக்குக் கட்டியது 11 லட்சம். மச்சான் கடைக்குச் சரக்கு எடுத்தது. வருமான வரி நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?"

சார், ஒரு நிதியாண்டில் கார்டுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் வங்கியே வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். அவர்களுக்கு முக்கியம், கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

உங்கள் வங்கிக் கணக்கு, கார்டு இரண்டின் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்து மாதவாரியாக அட்டவணை போடுங்கள். ஜூன் 12 மச்சான் கணக்கிலிருந்து 85,000 வரவு, ஜூன் 14 கார்டுக்கு 85,000 பற்று, இப்படி. கூடவே கடைப் பெயரில் உள்ள சரக்கு பில்களும், பான் எண்ணோடு மச்சான் எழுதித் தரும் கடிதமும்.

அவர் ரொக்கமாகத் தந்த மாதங்கள்தான் தலைவலி. அந்தத் தொகை அவருடைய கடைக் கணக்குப் புத்தகத்தில் அதே தேதியில் பற்றாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கில் வராத செலவு என்று உங்கள் வருமானத்தில் சேர்த்துவிடலாம். இப்போது உட்கார்ந்து புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டாம், அது இன்னும் வம்பு. கெடுவுக்குள் போர்ட்டலிலேயே பதிலை ஏற்றிவிடுங்கள்.