60 ஜிபி இணைப்பில் பிள்ளைகளுக்கு எந்த கேம்?

கேள்வி: மலைக்கிராமத்தில் இருக்கிறோம். பிராட்பேண்ட் மாதம் 60 ஜிபி. அது தீர்ந்தால் ஊர்ந்துதான் போகும். நல்ல நாளிலேயே 2 எம்பிபிஎஸ் வந்தால் பெரிது, நடுவில் நடுவில் அறுந்துவிடுகிறது. 12, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். வீட்டில் இருப்பது ஐ3, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். டவுனில் ஒரு கடைக்காரர், "சுருக்கின கேம் நூறு, ஹார்ட் டிஸ்க்ல போட்டுத் தரேன், 800 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா? வேண்டாமென்றால் என்ன கேம் போடுவது?

பதில்:

அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் இணைப்பில் எது முடியும், எது முடியாது என்று பார்த்துவிடுவோம்.

2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2 எம்பி இறங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எட்டால் வகுக்க வேண்டும். நொடிக்குக் கால் எம்பிதான் இறங்கும். அந்தக் கணக்கில் 1 ஜிபி இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகும், அறுந்து அறுந்து வந்தால் ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 எம்பி கேம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். 20 ஜிபி கேமுக்கு ஒரு பகலும் இரவும் விடாமல் ஓட வேண்டும், மாதக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கும் போய்விடும்.

ஆனால் உங்கள் 60 ஜிபியைத் தின்னப்போவது முதல் டவுன்லோட் இல்லை, அப்டேட். ஒரு முறை இறக்கிய கேமை ஆடுவதற்கு டேட்டா மிகக் குறைவு, ஆஃப்லைன் கேமுக்குச் சுத்தமாக இல்லை. சீசனுக்கு சீசன் புதிது புதிதாகச் சேர்க்கிற ஆன்லைன் கேம்களோ சில வாரத்துக்கு ஒரு முறை ஜிபி கணக்கில் கேட்கும், கொடுக்காவிட்டால் திறக்கவே திறக்காது. கேம் விற்கும் இணையதளப் பக்கத்தில் Storage என்று போட்டிருப்பது டிஸ்கில் அடைக்கும் இடம். எவ்வளவு இறக்க வேண்டும் என்பது அதில் தெரியாது. போன வருடம் முழுக்க அந்த கேமுக்கு எத்தனை ஜிபி அப்டேட் வந்தது என்பதை யாரும் அங்கே போடுவதில்லை. பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டிய முதல் தகவல் அது. அளவு வைத்து பிளான் விற்கும் ஊரில் இதைக் கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

அதனால் சின்ன கேமாக இருந்தால் மட்டும் போதாது, நெட் இல்லாமல் திறக்கிற கேமாகவும் இருக்க வேண்டும். மொபைலில் இதைச் சோதிப்பது எளிது: இன்ஸ்டால் ஆனதும் ஒரு முறை திறந்து மூடி, ஃபிளைட் மோடைப் போட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். ஆட முடிந்தால் வைத்துக்கொள்ளலாம், சுற்றிக்கொண்டே இருந்தால் அழித்துவிடலாம். 80 எம்பி என்று உள்ளே வந்து, திறந்தவுடன் "ரிசோர்ஸ்" என்று ஒரு ஜிபி கேட்பவை இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் Stardew Valley. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அது கேட்பது 500 எம்பி இடமும் 2 ஜிபி ரேமும்தான். பயிர் வைப்பது, மாடு வளர்ப்பது, மீன் பிடிப்பது என்று மாதக்கணக்கில் போகும். ஒரே திரையை இரண்டாகப் பிரித்து அண்ணன் தம்பி சேர்ந்தே ஆடலாம். இரண்டாவது ஆளுக்கு ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கினால் போதும்.

காசில்லாமல் என்றால் OpenTTD. ரயில், பஸ் தடங்கள் போட்டு ஊர்களை இணைக்கும் கேம், சில பத்து எம்பிதான். முதல் முறை திறக்கும்போது படங்களுக்கான ஒரு சின்ன ஃபைலை இறக்கட்டுமா என்று கேட்கும், அந்த ஒரு முறை நெட் இருக்கட்டும். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் ஆசை சின்னவருக்கு இருந்தால் Luanti. 2024 வரை Minetest என்ற பெயரில் இருந்தது இதுதான். அதை இறக்கினால் வருவது வெறும் இன்ஜின். உள்ளே Content என்ற இடத்தில் VoxeLibre என்று தேடிச் சேர்த்தால்தான் ஆட ஏதாவது இருக்கும். இது தெரியாமல் "ஒன்றுமே வரவில்லை" என்று அழித்துவிடுகிறவர்கள் பலர். இருவரும் சேர்ந்து கார் ஓட்ட SuperTuxKart இருக்கிறது, ஒரு ஜிபிக்குள் முடியும். பழைய லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் அளவைக் குறைத்து வையுங்கள்.

ஸ்டீம் வழியாக இறக்கினால் நெட் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். பிரவுசரில் அப்படி நம்ப முடியாது, 600 எம்பி வந்தபின் தோற்றுப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். SuperTuxKart போன்றவற்றை இறக்க விண்டோஸ் 10-இலேயே இருக்கும் ஒரு கருவி போதும். டவுன்லோட் பட்டனில் ரைட் கிளிக் செய்து இணைப்பை காப்பி செய்து, கமாண்ட் பிராம்ப்டில் LINK என்ற இடத்தில் ஒட்டுங்கள்:

```
curl.exe -L -C - -o game.exe "LINK"
```

அறுந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி என்டர் தட்டினால் போதும், வந்தது வீணாகாமல் மிச்சம் மட்டும் வரும். அந்தப் பக்கத்தில் SHA256 என்று நீளமாக ஓர் எண் கொடுத்திருந்தால், முடிந்தபின் இதைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்:

```
certutil -hashfile game.exe SHA256
```

இரண்டும் ஒன்றானால் ஃபைல் முழுசாக வந்திருக்கிறது. வேறுபட்டால் வழியில் கெட்டுவிட்டது, திறக்காதீர்கள்.

இப்போது கடைக்காரர். "60 ஜிபி கேமை 500 எம்பிக்குச் சுருக்கியிருக்கிறேன்" என்று அவர் சொன்னால், அது நடக்காத காரியம். பெரிய கேமில் இடத்தை அடைப்பது படம், ஒலி, வீடியோ. அவை ஏற்கெனவே சுருக்கித்தான் இருக்கும், மறுபடி சுருக்கினால் கொஞ்சம் குறையுமே தவிர நூறில் ஒன்றாகாது. மற்ற மொழிக் குரல்களையும் வீடியோக்களையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இறுக்கிக் கட்டி, பூட்டை உடைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதை விரிக்க உங்கள் ஐ3 மணிக்கணக்கில் கொதிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து செய்ய வேண்டும். கடைசியில் 4 ஜிபி ரேமில் அந்தப் பெரிய கேம் ஓடவும் ஓடாது.

இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். "அது சும்மா கத்தும் சார்" என்பார்கள். அந்த நொடியே எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே வருவது உங்கள் லேப்டாப்பை வைத்து யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனர் புரோகிராமாக இருக்கலாம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடுவதாகவும் இருக்கலாம். அதே லேப்டாப்பில்தானே நீங்கள் பேங்க் கணக்கைத் திறக்கிறீர்கள்? ஏற்கெனவே அந்தக் கடையில் ஏதாவது போட்டு வாங்கியிருந்தால் கவனியுங்கள்: யாரும் தொடாதபோதும் ஃபேன் இரைகிறதா, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்குகிறதா? விண்டோஸ் Settings-இல் Network & internet போய் Data usage பாருங்கள். எந்த புரோகிராம் எத்தனை எம்பி எடுத்தது என்று பெயரோடு இருக்கும். பெயர் தெரியாத ஒன்று ஜிபி கணக்கில் எடுத்திருந்தால் லேப்டாப்பை நெட்டிலிருந்து துண்டித்து, தேவையான ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்தவர் டிஸ்கிலிருந்து எடுப்பதே தப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் பெரிய உதவி என்பதால் நின்று சொல்கிறேன். நீங்கள் உங்கள் பெயரில் காசு கொடுத்து வாங்கிய கேம், நல்ல நெட் இருக்கும் உறவினர் வீட்டிலும் முறையாக வாங்கியதாக ஸ்டீமில் இருந்தால், ஃபைல்களை அங்கிருந்து பென் டிரைவில் எடுத்து வரலாம். சொந்தமா இல்லையா என்பதை ஸ்டீம் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறது, ஃபைல் எந்த வழியில் வந்தது என்று பார்ப்பதில்லை. பெரியவன் வளர்ந்து, வேறு நல்ல கம்ப்யூட்டரும் வந்து, 20 ஜிபி கேம்தான் வேண்டும் என்று நிற்கும் நாளில் இது கைகொடுக்கும்.

அவர்கள் வீட்டு ஸ்டீமில் கேம் பெயரில் ரைட் கிளிக் செய்து, Manage, பிறகு Browse local files. திறக்கும் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே போய், கேம் பெயருள்ள ஃபோல்டரை முழுசாக காப்பி செய்யுங்கள். பென் டிரைவ் FAT32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, முன்பே exFAT-ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் அதில் இருப்பது அழிந்துவிடும். உங்கள் வீட்டில், Install அழுத்துவதற்கு முன், இங்கே ஒட்டுங்கள்:

```
C:\Program Files (x86)\Steam\steamapps\common
```

ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் விழுந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிறகு Install கொடுத்தால் ஸ்டீம் இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். Downloads பக்கத்தில் சில எம்பி மட்டும் காட்டினால் சரியாக வேலை செய்கிறது. முழு 20 ஜிபியையும் காட்டினால் உடனே நிறுத்திவிட்டு ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். கடைக்காரரின் உடைத்த காப்பியை இதே இடத்தில் போட்டால் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அதன் ஃபைல்கள் மாறியிருக்கும், கேம் உங்கள் கணக்கிலும் இருக்காது.

கடைசியாக, ஸ்டீம் உங்கள் டேட்டாவைத் தானாக எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேமின் Properties-இலும் Updates பகுதிக்குப் போய், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி மாற்றுங்கள். அதன்பின் கேமை ஒரு முறை நெட்டோடு திறந்து ஆடிவிட்டு, ஸ்டீம் மெனுவில் Go Offline கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். Play இருந்த இடத்தில் Update என்று வந்தபின் ஆஃப்லைன் போனால், அந்த அப்டேட்டை இறக்காமல் கேம் திறக்காமல் நிற்கலாம். விண்டோஸுக்குத் தனியாக, Network & internet-இல் உங்கள் வைஃபையின் பண்புகளில் Metered connection-ஐ ஆன் செய்யுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்கள் கேட்காமல் இறங்குவது அதில் பெரும்பாலும் நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விடக் கூடாது, பாதுகாப்பு அப்டேட்கள் தேவை. மாதக் கடைசியில் எத்தனை ஜிபி மிச்சம் என்று பார்த்து, ஓர் இரவு மட்டும் ஆஃப் செய்து விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிட்டு, காலையில் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.